கூப்பிடுகிறார்கள், ஆனால் எடுக்கிறார்கள் இல்லை

அன்புள்ள அக்கா,

நான் களுவாஞ்சிகுடி. கணக்கியலில் எச்.என்.டி.ஏ முடித்து, ஒரு நிதி நிறுவனத்தில் நாலு வருடம் வேலை செய்தேன். இப்போது மட்டக்களப்பு, கல்முனை என்று எத்தனை நேர்முகத்துக்குப் போனாலும் ஒன்றும் சரிவரவில்லை. எல்லா இடத்திலும் ஆள் வைத்திருக்கிறார்கள், எனக்குச் சொல்லிவிட யாரும் இல்லை. என்னைவிடத் தகைமை குறைந்தவர்களுக்குக் கிடைக்கிறது. இங்கிலீஷ் தடுமாறுவதாலும் இருக்கலாம். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததால் 2023இல் வேலையை விட்டு 2 வருடம் வீட்டில் இருந்தேன், அது அசிங்கமாகத் தெரியும் என்று சிவியில் திகதிகளை எடுத்துவிட்டேன். எப்போது விட்டீர்கள் என்று கேட்டால்தான் கொஞ்சம் சங்கடம். அந்த நேரம் மண்டூரில் மாமாவின் அரிசி ஆலைக் கணக்கைச் சும்மா பார்த்தேன், அதெல்லாம் வேலையா? ஆள் பலம் இல்லாதவர்களுக்கு இந்த ஊரில் வாழ்க்கையே இல்லையா அக்கா?

தங்கச்சி,

ஆள் பலம் என்பது இங்கே இல்லாத விஷயம் இல்லை. ஆனால் உங்களை நேர்முகத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அப்படியென்றால் தகைமை போதும். தகைமையில் குறை இருந்தால் கடிதமே வராது. கதவு மூடுவது ‘எப்போது விட்டீர்கள்’ என்ற அந்த ஒரு கேள்வியில்.

யாருடைய கையில் காசைக் கொடுக்கப்போகிறார்களோ, அந்த ஆளின் சிவியில் திகதி இல்லை, கேட்டால் குரல் இறங்குகிறது. அப்பாவைப் பார்த்ததை யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள், எதையோ மறைக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அவர்களில் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாவுக்காக நின்றதை அசிங்கம் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் அந்தச் ‘சும்மா’. வந்த மூடைகளை எழுதி, ஈரப்பதத்துக்குக் கழித்து, விவசாயி முதலே வாங்கிய முற்பணத்தையும் கழித்து, மிச்சம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று போகம் முடியும்வரை பார்த்திருப்பீர்கள்தானே? அது கடன்கொடுத்தோர் கணக்கு, நேர்முகத்தில் அவர்கள் தேடுகிற அதே வேலை. சிவியில் மாதத்தோடு திகதி போட்டு இப்படி எழுதுங்கள்:

‘2023 மார்ச் – 2025 பெப்ரவரி: தந்தையின் நோய் காரணமாக வீட்டுப் பொறுப்பு. அக்காலத்தில் உறவினரின் அரிசி ஆலையில் சம்பளமின்றிப் பகுதிநேரக் கணக்குப் பதிவு: நெல் கொள்வனவு, விவசாயிகள் முற்பணம், நிலுவைக் கொடுப்பனவு.’

மாதங்கள் உங்களுடையதாக இருக்கட்டும், செய்யாததைச் சேர்க்க வேண்டாம். சம்பளமின்றி என்பதையும் மறைக்காதீர்கள், பிறகு விசாரித்தால் நம்பிக்கை போய்விடும்.

கேட்டால் மூன்று வசனம் போதும்: அப்பாவுக்கு வருத்தம் வந்தது, விட்டேன். அந்த நேரம் ஆலைக் கணக்கைப் பார்த்தேன். இப்போது அப்பாவைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறது, முழுநேரம் வரலாம். மூன்றாவதை விடவே கூடாது, திரும்பவும் பாதியில் போய்விடுவாளோ என்பதுதான் அவர்கள் கேட்காமல் வைத்திருக்கிற கேள்வி. அது இன்னும் உண்மை இல்லையென்றால், முதலில் யார் பார்ப்பது என்று வீட்டில் பேசி முடியுங்கள்.

விசாரிக்க மாமாவின் பெயரைக் கொடுக்காமல், பழைய நிறுவனத்தில் உங்களுக்கு மேலே இருந்தவரிடம் கேட்டுவிட்டு அவருடைய பெயரைக் கொடுங்கள்.