உயரதிகாரிக்கு மின்னஞ்சல்: தலைப்பும் முதல் வரியும்

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசு பழுது. கமநல அபிவிருத்தி உதவி ஆணையாளருக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை. தலைப்பும் முதல் வரியும் எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

பதில்:

நான் முல்லைத்தீவுப் பக்கம். எங்கள் கமக்காரர் அமைப்புக்கு மூன்று வருடம் செயலாளராக இருந்தேன். நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலின் தலைப்பு "உதவி கோரல் தொடர்பாக". முதல் வரி, "தங்கள் நற்பணிகள் மேன்மேலும் சிறக்க இறைவனை வேண்டி..." மூன்று கிழமை காத்திருந்தும் பதில் இல்லை.

கச்சேரியில் வேலை செய்யும் ஒரு தம்பிதான் காரணத்தைச் சொன்னான். தன் கைபேசியில் அலுவலக மின்னஞ்சலைத் திறந்து காட்டினான். தலைப்பில் முதல் நாலைந்து சொற்கள், அதற்குக் கீழே கடிதத்தின் முதல் வரியில் கொஞ்சம். திறப்பதற்கு முன்னால் அவ்வளவுதான் தெரியும். பத்துப் பேர் "உதவி கோரல்", "வேண்டுகோள்", "அவசரம்" என்று எழுதியிருந்தார்கள். எது குளம், எது வீதி, எது இடமாற்றம் என்று ஒன்றும் விளங்கவில்லை. என்னுடைய வாழ்த்து அந்த முதல் வரியின் இடம் முழுவதையும் தின்றிருந்தது.

உங்கள் குளத்துக்குப் புதுக்குளம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தலைப்பை இப்படி எழுதுங்கள்:

"புதுக்குளம் துருசு உடைவு: ஒக்டோபர் 5க்கு முன் பார்வையிடல்"

குளத்தின் பெயர் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. ஆணையாளர் அந்த மின்னஞ்சலைத் தானே வைத்திருக்கப் போவதில்லை, கீழே ஒரு உத்தியோகத்தருக்கு அனுப்பிவிடுவார். அவரும் பிறகு தேடும்போது "உதவி" என்று தேட மாட்டார், குளத்தின் பெயரைத்தான் தேடுவார். முன்பு அவர்களிடமிருந்து கடிதம் வந்திருந்தால் அதிலுள்ள கோப்பு இலக்கத்தைத் தலைப்பின் கடைசியில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் முதல் வரி. "ஐயா" அல்லது "அம்மணி" கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் எழுதுவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. ஆனால் அந்த ஒரு சொல் போதும், உடனே விடயத்துக்கு வாருங்கள்:

"ஐயா, புதுக்குளத்தின் துருசைப் பார்வையிட உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரை ஒக்டோபர் 5க்கு முன் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மழை தொடங்கி நீர் ஏறிவிட்டால் கதவைக் கழற்ற முடியாது. 62 ஏக்கர் வயல் இந்தத் துருசை நம்பியிருக்கிறது."

இதில் "துருசைத் திருத்தித் தாருங்கள்" என்று நான் எழுதவில்லை. திருத்துவதற்கு மதிப்பீடு வேண்டும், நிதி ஒதுக்கீடு வேண்டும். அவர் நினைத்தாலும் அன்றைக்கே செய்ய முடியாத வேலை அது, அதனால் "பிறகு பார்ப்போம்" என்று ஒதுங்கிவிடும். ஒரு ஆளை அனுப்புவது அப்படியில்லை, ஒரு வரிக் குறிப்பு எழுதினால் முடிந்தது. அவரால் அப்போதே செய்யக்கூடிய மிகச் சிறிய காரியம் எது என்று கண்டுபிடித்து அதைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் தலைப்பை யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையே இதுதான்.

திகதியும் சும்மா போட்டது இல்லை. "அவசரம்" என்று யாரும் எழுதலாம். வடகீழ்ப் பருவமழையும் குளத்தின் நீர்மட்டமும் வைக்கும் கெடுவை யாரும் தள்ளிப்போட முடியாது, அது அவருக்கும் தெரியும்.

அனுப்புவதற்கு முன் இரண்டு விடயம் பாருங்கள். குளம் யாருடையது? 80 ஹெக்டேயர் வரை, அதாவது 200 ஏக்கருக்குள் நீர் பாயும் சிறு குளங்கள்தான் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழே வரும். அதைவிடப் பெரியது என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு எழுத வேண்டும். அடுத்தது எழுத்துரு. கடை கண்ணியில் பாமினியில் அடித்த கடிதத்தைப் பிரதி எடுத்து ஒட்டினால் "வணக்கம்" என்பது அங்கே `tzf;fk;` என்றுதான் போய்ச் சேரும். பார்ப்பவர் குப்பை மின்னஞ்சல் என்று அழித்துவிடுவார். யுனிகோடில் அடித்து, முதலில் உங்கள் கைபேசிக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். தலைப்பில் எவ்வளவு தெரிகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு கிழமையில் பதில் வராவிட்டால் புதிய மின்னஞ்சல் எழுத வேண்டாம். பழையதன் மேலேயே இரண்டு வரி நினைவூட்டல் போடுங்கள், தலைப்பை மாற்ற வேண்டாம்.

எனக்கு இரண்டாவது மின்னஞ்சலுக்கு நாலாம் நாள் தொலைபேசி அழைப்பு வந்தது, அடுத்த கிழமை தொழில்நுட்ப உத்தியோகத்தரும் வந்து அளந்துகொண்டு போனார். காசு வந்தது அடுத்த வருடம்தான். அந்தக் காலபோகத்துக்கு மண்மூட்டை அடுக்கித்தான் சமாளித்தோம்.