பாக்கி வசூல்: கோர்ட்டா, ஆர்பிட்ரேஷனா, சமரசமா?

கேள்வி: திருப்பூர்ல எம்பிராய்டரி ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கேனுங்க. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி 6,40,000 ரூபாய் பாக்கி வச்சிருக்காங்க, கடைசி பில்லுக்கே ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கேட்டா இப்ப ‘குவாலிட்டி சரியில்லை’ன்னு டெபிட் நோட் அனுப்புறாங்க. கேஸ் போடலாமா, ஆர்பிட்ரேஷனா, பேசி முடிக்கறதா?

பதில்: இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உங்கள் உத்யம் சான்றிதழை எடுத்துப் பதிவுத் தேதியைப் பாருங்கள். நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக, வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்திருந்தால், நீங்கள் போக வேண்டிய இடம் குறு, சிறு தொழில் வசதிக் கவுன்சில். சமரசப் பேச்சு, அது முறிந்தால் ஆர்பிட்ரேஷன் என இரண்டையும் அதுவே நடத்தும். கம்பெனி மும்பையில் இருந்தாலும் உங்கள் ஊர் கவுன்சிலில்தான் வந்து பதில் சொல்ல வேண்டும்.

தேதியில்தான் பலர் கவிழ்கிறார்கள். பாக்கி நின்ற பிறகு அவசரமாகப் பதிவு போட்டுவிட்டுக் கவுன்சிலுக்கு ஓடுவார்கள். பதிவுக்குப் பிந்தைய சப்ளைக்குத்தான் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் பலன் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை மறுபரிசீலனை செய்ய 2025-ல் ஒரு அமர்வு பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது, ஆனால் அதை நம்பிப் பணத்தைப் பணயம் வைக்காதீர்கள். உங்கள் பில்களில் சில பதிவுக்கு முன்னும் சில பின்னும் இருந்தால் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். ஒரே மனுவில் கலந்து போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முன்னதைக் காட்டி மொத்தத்தையும் இழுத்தடிப்பார். உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. ‘நான் போட்டுத் தரேன், பழைய தேதியிலயே வாங்கித் தரேன்’ என்று ஆயிரக்கணக்கில் கறக்கிற ஏஜென்ட் வந்தால் வாசலோடு அனுப்புங்கள். பழைய தேதியில் யாராலும் வாங்கித் தர முடியாது.

அடுத்தது டெபிட் நோட். சரக்கு கைக்குப் போன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து வரும் குவாலிட்டி புகாருக்கு இதுதான் பதில். ஆனால் ஒப்படைத்த நாளை நீங்கள் நிரூபிக்க வேண்டும், அதற்கு அவர்கள் சீலும் கையெழுத்தும் உள்ள டெலிவரி சலான் வேண்டும். இந்தத் தொழிலில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, கையெழுத்தில்லாத சலானில் பீஸ் அனுப்புவதுதான் வழக்கம். சலான் இல்லையென்றால் உங்கள் வருமான வரிக் கணக்கின் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். அந்தக் கம்பெனி உங்கள் பில்லுக்கு டிடிஎஸ் பிடித்துக் கட்டியிருந்தால், பில்லை அவர்களே கணக்கில் ஏற்றதற்கு அது வலுவான சாட்சி.

வட்டிதான் உங்கள் பிடி. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்தால் வட்டி 16.5 சதவீதம், 6,40,000-க்கு ஒரு வருடத்தில் சுமார் 1,14,000 ரூபாய். தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். பேச்சுவார்த்தையில் பெரும்பாலும் வழிக்குக் கொண்டுவருவது இந்த 75 சதவீதம்தான்.

மனுவை odr.msme.gov.in தளத்தில் நீங்களே போடலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அந்த 90 நாள் சட்டப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதற்காக வேறு ‘தனியார் ஆர்பிட்ரேஷன் சென்டர்’ தேடிப் போகாதீர்கள்: ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இல்லையென்றால் அவர்கள் தரும் தீர்ப்பு வெறும் காகிதம், ஃபீஸ் மட்டும் நிஜம்.

கோர்ட், பதிவு இல்லாத பில்களுக்கு. 3 லட்சத்துக்கு மேல் என்றால் வணிக நீதிமன்றம். அவசரத் தடையாணை கேட்காத வழக்கில், முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு போட வேண்டும். போடாமல் தாக்கல் செய்தால் வழக்கு நிராகரிக்கப்படும். கம்பெனிக்காரர் வராவிட்டால் ‘பேச்சு தொடங்கவில்லை’ என்ற அறிக்கை வாங்கிக்கொண்டு வழக்குப் போடலாம். பலர் வருவதே இல்லை, ஆனாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். மொத்தத் தொகைக்கும் போட்டால் 19,200 ரூபாய், வக்கீல் ஃபீஸ் தனி.

எந்த வழியானாலும் ஒவ்வொரு பில்லுக்கும் மூன்று வருடக் கெடு தனித்தனியே ஓடுகிறது. பழைய பில்லில் இருந்து கணக்குப் பாருங்கள். ‘பாதியை இப்ப வாங்கிக்கோங்க, கணக்கு முடிஞ்சதுன்னு ஒரு லெட்டர் குடுங்க’ என்று அக்கவுண்டன்ட் நீட்டினால் பணத்தை மட்டும் வாங்குங்கள், ரசீதில் ‘பகுதித் தொகை’ என்று எழுதுங்கள். கூடவே மீதி எவ்வளவு என்று அவர்கள் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வாங்கிவிட்டால், அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாகக் கிடைக்கும். அந்தக் கடிதம் கெடு முடிவதற்குள் வந்திருக்க வேண்டும்.