மெழுகுவத்தி செய்ய மெழுகை எந்தச் சூட்டில் ஊற்றுவது? கேள்வி பதில்

கேள்வி: நீல நிறம் கலந்து ஊற்றிய சோயா மெழுகில் இரண்டே நாளில் வெள்ளை பூத்துவிட்டது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை. சோயா எண்ணெயைக் கெட்டிப்படுத்திச் செய்யும் இந்த மெழுகு உறைந்த பிறகும் ஓய்வதில்லை. அதன் படிகங்கள் மெல்ல மெல்ல இன்னும் நிலையான வடிவத்துக்கு மாறுகின்றன, அவை ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகின்றன. நிறம் சேர்க்காத மெழுகிலும் இது நடக்கும், கண்ணில் படாது, அவ்வளவுதான். எரிவதில் குறையொன்றும் வராது.

ஒரே பாத்திரத்தில் உருக்கிய மெழுகை மூன்று குவளைகளில் 70, 57, 45 டிகிரி செல்சியஸில் ஊற்றிப் பார்த்தேன். 70இல் ஊற்றியது திரியைச் சுற்றிக் குழி விழுந்தது. 45இல் ஊற்றும்போதே மெழுகு கலங்கியிருந்ததால் மேற்பரப்பு தயிர் திரிந்ததுபோல் ஆனது. 57இல் ஊற்றியது வழவழப்பாக வந்தது, ஆனாலும் ஒரு வாரத்தில் விளிம்பில் லேசாகப் பூத்தது. ஆகவே குறைக்கலாம், முற்றிலும் ஒழிக்க முடியாது. குவளையை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். வெப்பமானி இல்லாமல் கைக்கணக்கில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: சூடு அதிகமானதால்தான் பூக்கிறது. ஆறவிட்டு ஊற்றினால் வராது என்பது என் அனுபவம்.

பாதி சரி. சூடாக ஊற்றிய மெழுகு குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் ஓரத்தில் ஒரு வேகத்திலும் நடுவில் வேறொரு வேகத்திலும் ஆறுகிறது. உங்கள் குவளைகளில் பூத்ததற்கு அது காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் சில சோயா மெழுகுகள் சூடாக ஊற்றும்போதுதான் குறைவாகப் பூக்கின்றன.

கேள்வி: மறுபடியும் நான்தான். அப்படியானால் உங்கள் 57 மட்டும் எப்படிச் சரி?

என் மெழுகுக்கு, என் அறைக்குச் சரி. உங்களுடையதற்கு 50 பொருந்தினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இதில் நம் இருவருக்கும் ஒரே விடை கிடைக்காது.

கேள்வி: பாரஃபின் மெழுகுவத்தியைச் சீக்கிரம் உறைய ஃப்ரிட்ஜில் வைத்தேன். குறுக்கே வெடித்துவிட்டது.

வெடிக்கத்தான் செய்யும். பாரஃபின் உறையும்போது நன்றாகச் சுருங்கும். வெளித்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே இருப்பது பிறகு சுருங்கித் தோலை இழுக்கிறது. மெல்ல ஆறினால் அந்த இழுப்பு மேலே குழியாகத் தெரியும். திரியோரம் ஊசியால் இரண்டு துளையிட்டு, எடுத்துவைத்த மெழுகை முதல் முறையைவிடச் சற்றே கூடுதல் சூட்டில் ஊற்றிக் குழியை நிரப்பலாம். ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நான் சோப்பு செய்கிறேன். தேன் சேர்த்த சோப்பு நடுவில் பிளந்தது. இதுவும் குளிரால்தானா?

நேர் எதிர். காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் வினைபுரியும்போது தானாகவே சூடு எழும், தேனின் சர்க்கரை அதைக் கூட்டும். நடு உப்பிப் பிளக்கிறது. அடுத்த முறை காஸ்டிக் சோடாக் கரைசலையும் எண்ணெயையும் 38 டிகிரி அளவில் கலந்து, அச்சைப் போர்த்தாமல் விடுங்கள்.

கேள்வி: எத்தனை டிகிரியில் ஊற்ற வேண்டும்?

எந்த மெழுகு என்று நீங்கள் சொல்லவில்லை. மேலே உள்ள பதில்களைப் படியுங்கள், வெப்பமானி வாங்கிய பிறகு, மெழுகு வந்த பையில் அச்சிட்டிருக்கும் சூட்டிலிருந்து தொடங்குங்கள்.