அஞ்சு கிரெடிட் இல்லாத பையனுக்கு ஃபவுண்டேஷன்: கட்டுன காசு கூடவே வருமா?

கேள்வி: அண்ணே, நாங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். மகனுக்கு எஸ்பிஎம்ல நாலு கிரெடிட்தான், கணக்குல வெறும் பாஸ். டவுன்ல கல்வி கண்காட்சியில ஒரு காலேஜ் ஆபிசர், "பரவால்ல, ஃபவுண்டேஷன்ல சேருங்க, கிரெடிட் எல்லாம் டிகிரிக்கு டிரான்ஸ்பர் ஆகும், டிகிரி ரெண்டே வருஷம்"னு சொல்றாரு. ஃபவுண்டேஷன் 14,000 வெள்ளி, டிகிரி வருஷத்துக்கு 18,000. அங்கயே டிப்ளோமா மொத்தம் 21,000. கையில 22,000தான் இருக்கு. புக்கிங் ஃபீஸ் கட்டிடலாமா?

பதில்: கட்டாதீங்கம்மா, இப்ப வேணாம்.

கிரெடிட்டுன்னு ஒரே வார்த்தையை வச்சுத்தான் இங்க குழப்பமே. எஸ்பிஎம் கிரெடிட்ங்கறது மார்க்கு, காலேஜ் கிரெடிட்ங்கறது பாடத்தோட எடை, ஒரு பாடம்னா பெரும்பாலும் 3 கிரெடிட், டிகிரி முடிக்க குறைஞ்சது 120 வேணும். ஃபவுண்டேஷன் முடிச்சா டிகிரிக்குள்ள நுழையலாம், அது ஒரு டிக்கெட் மாதிரி, பஸ்ல ஏறுனதும் அதோட வேலை முடிஞ்சிடுச்சு. அதுல படிச்ச பாடத்தை டிகிரியில கழிக்க மாட்டாங்க, அது டிகிரிக்குக் கீழ் லெவல் படிப்பு. அப்போ அவர் சொன்ன 14,000 கூட்டல் ரெண்டு வருஷம் 36,000, மொத்தம் 50,000ங்கறது தப்புக் கணக்கு. டிகிரி மூணு வருஷம்தான், ஆக 68,000. பதினெட்டாயிரம் வெள்ளி உதைக்குது பாருங்க, அதுவும் சாப்பாடு ரூம் வாடகை சேர்க்காம.

அதுக்கும் முன்னாடி இன்னொண்ணு, ஃபவுண்டேஷனுக்கே எஸ்பிஎம்ல அஞ்சு கிரெடிட் வேணும், உங்க பையன்கிட்ட நாலுதான். "சேர்ந்துக்கட்டும், பின்னாடி பாத்துக்கலாம்"னு சொல்ற இடத்துல ரொம்ப உஷாரா இருங்க, நாளைக்கு டிகிரிக்குப் போகும்போது அந்த எஸ்பிஎம் சிலிப்பை மறுபடி எடுத்துப் பார்ப்பாங்க. நெஜமாவே ஃபவுண்டேஷன்தான் வேணும்னா தனியார் மாணவரா கணக்கு ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதட்டும், செலவு அதிகமில்ல.

டிப்ளோமாவுக்கு மூணு கிரெடிட் போதும், ஆனா சில கோர்ஸுக்கு கணக்குல கிரெடிட் கேப்பாங்க, அதைப் பார்த்து எடுங்க. டிப்ளோமாவுல இருந்து டிகிரிக்கு கிரெடிட் உண்மையாவே போகும். ஆனா அளவு இருக்கு, டிகிரி கிரெடிட்ல அதிகபட்சம் 30 சதவீதம், அதாவது 120ல 36, மூணு மூணா எண்ணுனா பன்னெண்டு பாடம். பாடத்துல சி-க்குக் குறையக் கூடாது, ரெண்டு சிலபஸும் 80 சதவீதம் ஒத்துப் போகணும்.

இந்த 80ல தான் நெறைய பேரு விழுறாங்க. என்கிட்ட வந்த ஒரு பையன் பிஸ்னஸ் டிப்ளோமா முடிச்சிட்டு வேற யூனிக்கு மாறுனான், பன்னெண்டு பாடம் டிரான்ஸ்பர் ஆகும்னு நம்பிக்கிட்டு இருந்தான். ரெண்டுல டி, அது போச்சு. மூணு பாடம் பேரு மட்டும் ஒண்ணு, உள்ள இருக்கறது வேற, அக்கவுண்டிங்னு ரெண்டு பக்கமும் போட்டிருக்கு ஆனா இவன் படிச்சதுல பாதி டாப்பிக்கே இல்ல. கடைசியில ஏழு பாடம், 21 கிரெடிட். ரெண்டு சிலபஸையும் கடை மேசையில விரிச்சு வச்சு பென்சிலால கோடு போட்டு ஒத்துப் பார்த்தோம், ஆனா அது டிப்ளோமாவுல சேர்றதுக்கு முந்தியே செஞ்சிருக்க வேண்டிய வேலை லா.

உங்க நம்பரையே போடுவோம். டிகிரி 54,000, 120 கிரெடிட், ஒரு கிரெடிட் 450 வெள்ளி. 24 கிரெடிட் கழிஞ்சா 10,800 மிச்சம், அப்போ டிப்ளோமாவோட சேர்த்து 64,200. முழு 36ம் கழிஞ்சா 58,800. இதுவும் அவங்க பாடக் கணக்குல ஃபீஸ் வாங்கினாத்தான். செமஸ்டருக்கு இவ்வளவுன்னு வாங்குற எடத்துல நாலு பாடம் குறைஞ்சாலும் பில் குறையாது, அதனால அதை முதல்ல கேளுங்க. டைம் கொஞ்சம் இழுக்கும், டிப்ளோமா ரெண்டரை வருஷம்னு வைங்க, அப்புறம் டிகிரி ரெண்டு ரெண்டரை. ஆனா நடுவுல காசு முடிஞ்சு நின்னாலும் பையன் கையில வேலைக்குப் போற சர்டிபிகேட் ஒண்ணு இருக்கும், ஃபவுண்டேஷனோட நின்னா ஒண்ணும் இல்ல. அதோட டிப்ளோமாவுக்கு பிடிபிடிஎன் லோன் கேக்கலாம்.

இந்த வாரம் ஆபிசருக்கு வாட்ஸ்அப் போடுங்க, எந்தெந்த பாடம் டிகிரியில எந்த பாடத்துக்குப் பதிலா கழியும்னு பட்டியல் போட்டு யூனி லெட்டர்ஹெட்ல தரச் சொல்லுங்க, வாய்ச்சொல் வேணாம். மகனை விட்டு mqa.gov.my-ல போய் டிப்ளோமா, டிகிரி ரெண்டும் முழு அக்ரெடிடேஷன் வாங்குன கோர்ஸ் இருக்கற MQR லிஸ்ட்டுல பேரு இருக்கா, இல்ல தற்காலிக அக்ரெடிடேஷன் லிஸ்ட்டுலதான் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. அந்த லெட்டர் வந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கம்மா, பாடம் பாடமா பார்த்துடுவோம்.