டூவீலரின் குணகம் பிளஸ், கோடு மட்டும் ஏன் இறங்குகிறது?

கேள்வி: வேலைக்குப் போவோர் பேருந்து, ரயில், டூவீலர் மூன்றில் எதைத் தேர்கிறார்கள் என்று மல்டினோமியல் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் ஓட்டினேன். தூரத்துக்கான குணகம் ரயிலுக்கு 0.20, டூவீலருக்கு 0.05. மாறிலிகள் -2.0, 0.3. "தூரம் கூடினால் டூவீலரில் போவதும் கூடும்" என்று எழுதிவிட்டேன். ஆனால் நிகழ்தகவை வரைந்து பார்த்தால் டூவீலர் கோடு இறங்குகிறது. எங்கே தப்பு செய்தேன்?

பதில்:

மாடலில் தப்பு இல்லை, நீங்கள் எழுதிய வாக்கியத்தில்தான் இருக்கிறது. நானும் என் முதல் அறிக்கையில் இதே வாக்கியத்தை எழுதி, வரைபடம் போட்டுக் காட்டச் சொன்னபோது விழித்தவன்தான்.

வாகனம் மூன்று இருந்தும் உங்கள் அவுட்புட்டில் இரண்டுக்குத்தான் குணகம் இருக்கிறது, கவனித்தீர்களா? காணாமல்போன பேருந்துதான் அடிப்படை வகை. அதன் குணகங்களை எல்லாம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதனோடு ஒப்பிடுகிறது மாடல்:

```
ln(P_train / P_bus) = -2.0 + 0.20*km
ln(P_tw    / P_bus) =  0.3 + 0.05*km
```

இடப்பக்கம் இருப்பது டூவீலரின் நிகழ்தகவு அல்ல, டூவீலருக்கும் பேருந்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை. ஆகவே 0.05 சொல்வது இவ்வளவுதான்: ஒரு கி.மீ. கூடினால் அந்த விகிதம் e^0.05, அதாவது 1.051 மடங்காகும். பேருந்தை விட்டு டூவீலர் பக்கம் சாய்வது கி.மீ.க்கு 5 சதவீதம் கூடுகிறது. அந்த வரியில் ரயிலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஆனால் நிகழ்தகவு மூன்றும் சேர்ந்து 1 ஆக வேண்டும், எனவே ரயில் எடுத்துக்கொள்வது மற்ற இரண்டிலிருந்துதான் போகும்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். 5 கி.மீ.யில் ரயிலுக்கு e^(-1.0) = 0.368, டூவீலருக்கு e^0.55 = 1.733, பேருந்துக்கு 1. கூட்டினால் 3.101. ஒவ்வொன்றையும் இதால் வகுத்தால் நிகழ்தகவு. இதையே வேறு இரண்டு தூரங்களுக்கும் செய்தால்:

```
km    bus    train   tw
 2    0.371  0.075   0.554
 5    0.322  0.119   0.559
15    0.152  0.413   0.435
```

2-லிருந்து 5 கி.மீ.க்கு டூவீலர் ஒரு துளி ஏறுகிறது, அப்புறம் 15-க்குள் நன்றாகவே இறங்கிவிடுகிறது. இவ்வளவுக்கும் குணகம் அதே 0.05. பேருந்து 0.322-லிருந்து 0.152-க்கு, அதாவது பாதிக்கும் கீழே போய்விட்டது. டூவீலர் அந்த அளவுக்கு விழவில்லை. பேருந்தோடு ஒப்பிட்டால் டூவீலர் முன்னேறியிருக்கிறது, அதற்குத்தான் அந்தப் பிளஸ். ரயிலோடு ஒப்பிட்டால் பின்தங்கிவிட்டது.

எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதற்கு ஒரு சின்னச் சூத்திரம் உண்டு:

```
dP_tw/dkm = P_tw * (b_tw - b_avg)
```

`b_avg` என்பது மூன்று வாகனங்களின் குணகங்களுக்கும் அவரவர் நிகழ்தகவை எடையாகக் கொடுத்து எடுத்த சராசரி, பேருந்தின் பூஜ்யமும் அதில் சேர்த்தி. 15 கி.மீ.யில் அது 0.413×0.20 + 0.435×0.05, சுமார் 0.104. டூவீலரின் 0.05 இதற்குக் கீழே இருப்பதால் நிகழ்தகவு இறங்குகிறது. 0.435-ஆல் பெருக்கினால், அந்த இடத்தில் கி.மீ.க்கு ஏறக்குறைய 2.4 சதவீதப் புள்ளி குறைகிறது. குறைந்த தூரத்தில் ரயிலுக்கு ஆளே இல்லாததால் சராசரி 0.05-ஐவிடக் குறைவு, அதனால்தான் முதலில் சற்று ஏறியது. திரும்பும் இடம் சுமார் 4.5 கி.மீ.; ரயிலின் நிகழ்தகவு பேருந்தினுடையதில் மூன்றில் ஒன்றைத் தொடும் இடம் அது.

ஆக, மூன்றிலேயே பெரிய குணகம் உள்ள வாகனம் எப்போதும் ஏறும், சிறியது எப்போதும் இறங்கும். நடுவில் மாட்டியதற்குத்தான் உறுதி கிடையாது.

இப்போது அடிப்படையை டூவீலருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். பேருந்துக்கு -0.05, ரயிலுக்கு 0.15 என்று வரும். வெறும் கழித்தல்தான், நிகழ்தகவு ஒன்றுகூட மாறாது. ஆனால் பி-மதிப்பு மாறும். 0.05 என்ற குணகத்தின் பக்கத்தில் அச்சாகியிருந்த பி-மதிப்பு "டூவீலரும் பேருந்தும் தூரத்தால் வேறுபடுகின்றனவா" என்ற கேள்விக்கான விடை மட்டுமே. அது பெரிதாக இருக்கிறது என்று தூரத்தையே தூக்கி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். தூரம் தேவையா என்று தெரிய வேண்டுமானால் அதன் இரண்டு குணகங்களையும் ஒருசேர நீக்கி ஓட்டி, இரு மாடல்களின் லாக்-லைக்லிஹுட் வித்தியாசத்தை இரட்டித்து, 2 கட்டின்மை எண் கொண்ட கை-வர்க்கப் பரவலோடு ஒப்பிட வேண்டும்.

எது அடிப்படை என்பதை மென்பொருள் தானாகவே தீர்மானித்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். ஆர் மொழியின் `multinom` முதல் வகையை எடுக்கும். எஸ்பிஎஸ்எஸ் சும்மா விட்டால் கடைசி வகையை எடுக்கும். சைக்கிட்-லேர்ன் அடிப்படையே வைக்காமல் மூன்றுக்கும் குணகம் தரும், போதாததற்கு இயல்பாகவே அவற்றைப் பூஜ்யத்தை நோக்கிச் சுருக்கவும் செய்யும். அதன் எண்களை உங்களுடையதோடு நேராக ஒப்பிட முடியாது. ஸ்டாட்ஸ்மாடல்ஸ் என்றால் பேருந்துக்கு 0 என்று குறியீடு கொடுங்கள், போதும்:

```python
import statsmodels.api as sm
X = sm.add_constant(df[["km"]])
m = sm.MNLogit(df["mode"], X).fit()   # 0=bus 1=train 2=tw
print(m.get_margeff().summary())
```

கடைசி வரி தருவது நிகழ்தகவின் மாற்றத்தை, எல்லா ஆட்களுக்கும் சராசரியாக. அறிக்கையில் வாக்கியம் எழுத அதுவும், தூரத்துக்கு எதிராக மூன்று கோடுகள் போட்ட வரைபடமும் இருந்தால் நல்லது. சராசரி மட்டும் போட்டால் 4.5 கி.மீ.யில் திரும்புவது மறைந்துவிடும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து இதைத்தான் செய்வீர்கள் என்பதால் சொல்கிறேன். "சொந்த டூவீலர் உண்டா" என்ற மாறியைச் சேர்க்கத் தோன்றும். சொந்த வண்டி இல்லாதவர் ஒருவர்கூட டூவீலரைத் தேர்ந்திருக்க மாட்டார், எனவே அந்தக் கட்டம் பூஜ்யமாக இருக்கும். குணகத்துக்கு எல்லையே இல்லாமல் போய் 20, 25 என்று வரும், திட்டப்பிழை ஆயிரக்கணக்கில் நிற்கும், பி-மதிப்பு 0.99-ஐ ஒட்டி இருக்கும். அதைப் பார்த்து "வண்டி இருப்பது முக்கியமில்லை" என்று எழுதினால் கதை முடிந்தது. ஓட்டும் முன் இரண்டையும் குறுக்கு அட்டவணை போட்டுப் பாருங்கள். பூஜ்யம் இருந்தால் அது குணகமாக வேண்டிய விஷயமே அல்ல. அவர்களுக்கு டூவீலர் என்ற தெரிவே கிடையாது. வண்டி இல்லாதவர்களுக்குப் பேருந்து, ரயில் இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிடும் கண்டிஷனல் லாஜிட்டுக்குப் போங்கள். பயண நேரம், கட்டணம் என்று வாகனத்துக்கு வாகனம் மாறுகிற மாறிகள் வந்தாலும் உங்களுக்கு வேண்டியது அதுதான். இந்த மாடலில் ரயில் கட்டணத்தைப் போட்டால், அது டூவீலர்-பேருந்து விகிதத்தையும் மாற்றுவதாக ஒரு குணகம் வந்து நிற்கும். அதற்கு என்ன பொருள் சொல்வது என்று எனக்கு இன்றுவரை யாரும் விளக்கியதில்லை.