64 டேப் வடிகட்டிக்கு 64 பெருக்கிகள் வேண்டுமா?

கேள்வி: இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக, 48 கிலோஹேர்ட்ஸ் ஒலிக்கு 64 டேப் எஃப்.ஐ.ஆர். வடிகட்டி ஒன்றை எஃப்.பி.ஜி.ஏ.யில் அமைக்கிறேன். டாங் நானோ 9கே போர்ட் வாங்க நினைத்தேன். அதில் 20 பெருக்கிகள்தாம் இருக்கின்றன, ஆர்ட்டிக்ஸ்-7 போர்ட்தான் சரிவரும் என்கிறார் புறக்கோட்டைக் கடைக்காரர். விலையோ பல மடங்கு. என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சிறிய போர்ட்டையே வாங்குங்கள். கடைக்காரர் டேப்புகளை எண்ணியவர், கடிகாரத்தை எண்ணவில்லை. அந்த போர்டின் கடிகாரம் 27 மெகாஹேர்ட்ஸ். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 562 துடிப்புகள் கிடைக்கின்றன. ஒரேயொரு பெருக்கி துடிப்புக்கு ஒரு டேப்பாகப் பெருக்கித் திரட்டியில் கூட்டிக்கொண்டே போனாலும் 64 துடிப்புகளில் வேலை முடிந்துவிடும். மீதி நேரம் சும்மா இருக்கும். 16 பிட் மாதிரிகள் 64ஐத் தாங்கும் நகர்வுப் பதிவேட்டுக்கு 1,024 ஃபிளிப்-ஃபிளாப்கள் போதும். சிப்பில் 6,480 உள்ளன. வானொலி அலைவரிசை போல ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு மாதிரி வந்தால்தான் அவர் சொல்வது பொருந்தும்.

சிக்கல் வருவது பிட் கணக்கில். பின்னக் குணகங்களை 32768ஆல் பெருக்கி முழு எண்ணாக்குவீர்கள்: 0.1373 என்பது 4499 ஆகும். 16 பிட்டை 16 பிட்டால் பெருக்கினால் 32 பிட். 64 பெருக்கங்களைக் கூட்ட மேலும் 6 பிட் சேர்த்து 38. திரட்டிக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கூட்டி முடிந்த பிறகே பாதி அலகைச் சேர்த்து 15 பிட் வலப்புறம் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு பெருக்கத்தின் பின்னும் நகர்த்துகிறவர்கள் இரைச்சலைத் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள்.

```verilog
reg signed [39:0] acc;
acc <= acc + x[i] * h[i];   // x, h: signed
y = (acc + 16384) >>> 15;
```

இறுதி விடை 16 பிட் எல்லையைத் தாண்டினால் எல்லையிலேயே நிறுத்திவிடுங்கள். இல்லையேல் நேர் உச்சம் திடீரென எதிர்மறையாகப் புரளும். மெல்லிய ஒலி நன்றாகக் கேட்டு, உரத்த இடங்களில் மட்டும் வெடிச்சத்தம் வந்தால் முதலில் அதையும் திரட்டியின் அகலத்தையும் பாருங்கள்.

சோதிக்க, 16384 என்ற ஒரு மாதிரியை அனுப்பி, பின் பூச்சியங்களை அனுப்புங்கள். குணகங்கள் பாதி அளவில் வரிசையாக வெளிவர வேண்டும். -120 என்ற குணகத்துக்கு -60 வராமல் 32708 வந்தால், எங்கோ signed என்ற சொல் விடுபட்டிருக்கிறது. ஒரேயொரு மாறியில் விட்டாலும் வெரிலாக் கோவை முழுவதையும் குறியற்றதாகவே எடுத்துக்கொள்ளும்.

மிச்சமாகும் பணத்தில் ஐ2எஸ் இணைப்புள்ள ஒலி கோடெக் ஒன்றை வாங்குங்கள். டாங் நானோவில் ஒலியை உள்ளெடுக்கவும் வெளிவிடவும் எதுவுமில்லை. அதைப் பற்றிக் கடைக்காரர் வாய் திறக்காததுதான் எனக்கு வியப்பு.