வெளியே 10K, உள்ளே 10,086

கேள்வி: யூடியூப் ஸ்டுடியோவில் 10,086 சந்தாதாரர்கள் என்று காட்டுகிறது. சேனல் பக்கத்தில் பத்து நாளாக 10K என்றே நிற்கிறது. வளர்ச்சி நின்றுவிட்டதா? ஒரு வீடியோவுக்கு லைக் எண்ணை மறைத்திருக்கிறேன். அந்தக் கணக்கு எனக்கும் கிடைக்காமல் போய்விடுமா?

நிற்கவில்லை. இன்னும் 14 பேர் சேர்ந்து 10,100 ஆகட்டும், வெளியே 10.1K என்று மாறிவிடும். நீங்கள் அண்மையில்தான் பத்தாயிரத்தைத் தாண்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுவரை வெளியே தெரியும் எண் அடிக்கடி நகர்வதைப் பார்த்துப் பழகிவிட்டு, திடீரென்று அது அசையாமல் நிற்பதைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். எனக்கும் கலங்கியது.

ஆயிரம் பேரைத் தாண்டிய சேனலுக்கு யூடியூப் முதல் மூன்று இலக்கங்களை மட்டுமே வெளியே காட்டுகிறது. மீதியை வெட்டிவிடுகிறது. அருகிலுள்ள எண்ணுக்கு ஏற்றி முழுமையாக்குவதில்லை, எப்போதும் கீழ்நோக்கித்தான். ஆகவே 12,499 என்றாலும் 12.4K தான். ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையில் பத்துப் பேர் சேர்ந்தால் எண் ஒரு படி நகரும். பத்தாயிரத்தைத் தாண்டிய அன்றே ஒரு படிக்கு நூறு பேர் வேண்டும். லட்சத்தைத் தாண்டினால் ஆயிரம் பேர். நான் தையல்காரி, எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன்: இஞ்ச் டேப்பில் இடையிலுள்ள சிறு நூல் கோடுகள் அழிந்துபோய் இஞ்ச் கோடுகள் மட்டும் மிஞ்சினால் எப்படியோ அப்படி. துணி அதே துணிதான், அளவு காட்டும் கோடுதான் குறைந்துவிட்டது.

முன்பு இப்படி இல்லை. 2019 மே மாதம் அறிவித்து, செப்டம்பரிலிருந்து இப்படி மாற்றினார்கள். அதற்கு முன் இரண்டு பெரிய சேனல்களின் எண்ணிக்கையை அருகருகே நேரலையாக ஓடவிட்டு, யார் முந்துகிறார்கள் என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டி-சீரிஸும் பியூடிபையும் போட்டியிட்ட காலம் நினைவிருக்கும். எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துப் படைப்பாளிகள் மன அழுத்தத்துக்கு ஆளாகிறார்கள் என்பதும் யூடியூப் அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. வெளி இணையதளங்கள் எண்ணை எடுக்கும் வழியிலும், அதாவது ஏ.பி.ஐ.-யின் `subscriberCount` என்ற இடத்திலும், இதே வெட்டப்பட்ட எண்தான் வரும். சேனலின் உரிமையாளரே கேட்டாலும் அந்த வழியில் சரியான எண் கிடைக்காது. அதற்கு ஸ்டுடியோதான்.

இனி என் கதை. திருப்பூரில் தையல் வகுப்பு நடத்துகிறேன், தையல் இயந்திரம் பழுது பார்ப்பதைக் காட்டும் சேனலும் வைத்திருக்கிறேன். உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் இரண்டு மாதத்துக்கு விளம்பரம் தர ஒப்புக்கொண்டார். முதல் மாதம் முடிந்ததும் பாதிப் பணம், "சேனல் வளர்ந்தால்" மீதி. எந்த எண்ணை வைத்து வளர்ச்சி என்று இருவருமே பேசவில்லை. அன்று ஸ்டுடியோவில் 12,408, வெளியே 12.4K.

ஒரு மாதத்தில் 83 பேர் கூடி 12,491 ஆனது. பாபின் கேஸ் மாட்டும் ஒரு வீடியோவை நான்கு முறை திரும்ப எடுத்திருந்தேன். அவர் போன் செய்து, "அம்மணி, ஒரு மாதமாக அதே 12.4K. ஓர் ஆள்கூடச் சேரவில்லையே?" என்றார். நான் 83 என்றேன். அவர் நம்பவில்லை. மூன்று நாளில் 12,503 ஆகி, வெளியே 12.5K வந்தது. "இப்போதுதான் நூறு பேர் வந்திருக்கிறார்கள்" என்று மகிழ்ந்தார். உண்மையில் அந்த மூன்று நாளில் கூடியது 12 பேர். அதற்கடுத்த இரண்டு நாளில் 9 பேர் சேர்ந்தார்கள், 21 பேர் குறைந்தார்கள். மறுபடி 12,491, மறுபடி 12.4K. "நூறு பேரைத் துரத்திவிட்டீர்கள்" என்று கோபப்பட்டார்.

அந்த 21 பேரில் பெரும்பாலோர் தாமாக என்னை விட்டு விலகியவர்கள் அல்லர். மூடப்பட்ட கணக்குகளையும் போலிக் கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது களையெடுக்கிறது. ஸ்டுடியோவின் பகுப்பாய்வில் விரிவான பார்வைக்குப் போய் `Subscription source` என்பதைத் தேர்ந்தெடுத்தால் `Closed accounts` என்று தனி வரி இருக்கும். எனக்கு அங்கே 17 இருந்தது. மனமாறி விலகியவர்கள் நான்கே பேர். அந்த அறிக்கை ஓரிரு நாள் பின்தங்கித்தான் நிரம்பும் என்பதால், எண் விழுந்த அன்றே திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடாதீர்கள். களையெடுத்தார்கள் என்றதும் "அப்படியானால் ஆள் வாங்கியிருப்பீர்கள்" என்று எழுத வருபவர்களுக்கு: ஒரு ரூபாய்கூடக் கொடுத்து ஆள் சேர்த்ததில்லை. போலிக் கணக்குகள் கேட்காமலேயே எல்லாச் சேனல்களிலும் ஒட்டிக்கொள்கின்றன.

லைக் விஷயம் இதைவிட எளிது. மறைப்பது பார்வையாளரிடமிருந்து மட்டும்தான். பொத்தான் வேலை செய்யும், எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகும், உங்களுக்கு ஸ்டுடியோவில் முழுதாகத் தெரியும். ஊசிக்கும் ஷட்டிலுக்கும் டைமிங் வைப்பதைக் காட்டிய வீடியோவில், தொழில் ரகசியத்தை விற்கிறாள் என்று சிலர் கூட்டமாக வந்து திட்டியதால் நான் லைக் எண்ணை மறைத்தேன். கடைக்காரர் அதையும் பிடித்துக்கொண்டு, "லைக்கே இல்லாத வீடியோவுக்கா என் பணம்?" என்றார். அவர் எதிரிலேயே அந்த வீடியோவின் விவரப் பக்கத்தைத் திறந்து, லைக் எண்ணைக் காட்டும் பெட்டியில் டிக் செய்து சேமித்தேன். சற்று நேரத்தில் 611 என்று வந்தது. மறைத்த நாளிலிருந்து சேர்ந்தவையும் அதில் இருந்தன. டிஸ்லைக் மட்டும் வேறு. 2021 நவம்பரில் அறிவித்தபடி அதை எல்லா வீடியோக்களிலும் யூடியூபே மறைத்துவிட்டது. உரிமையாளர் விரும்பினாலும் வெளியே காட்ட முடியாது, ஸ்டுடியோவில் பார்த்துக்கொள்ளலாம்.

இதே கடையில் அசல் என்று சொல்லி விற்கும் பாபின் கேஸில் பாதி, தகடு மெலிந்த போலி. திருகை இறுக்கினால் நூலின் இழுவை ஒரு நாள்கூட நிற்பதில்லை. என் மாணவிகள் மூன்று பேர் வாங்கி ஏமாந்தார்கள். என் எண்ணைச் சந்தேகித்தவர் தன் சரக்கைச் சந்தேகிக்கவில்லை. கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்களும் யாரிடமாவது விளம்பரம் பேசுவதாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் போகாதீர்கள். அதில் எண்ணை மாற்றுவது எளிது என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டுடியோவின் அனுமதி அமைப்பில் அவருடைய மின்னஞ்சலை `Viewer (limited)` என்று சேருங்கள். உங்கள் வருமானத்தைத் தவிர மற்றதை அவரே திறந்து பார்த்துக்கொள்ளலாம், எதையும் மாற்ற முடியாது. ஒப்பந்தம் முடிந்ததும் நீக்கிவிடலாம். "limited" இல்லாத வெறும் `Viewer` கொடுத்தால் வருமானமும் தெரியும், அதைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும் நாளின் ஸ்டுடியோ எண்ணையும் தேதியையும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு அது தோன்றியபோது இரண்டாம் மாதம் முடிந்திருந்தது. மீதிப் பணம் இன்னும் வரவில்லை.